மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வீடியோவுக்கு சப்டைட்டில் போட்ட கதை

வணக்கம் மக்களே! மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல எடுத்த ஷார்ட்ஸைப் பார்த்துட்டு, தமிழ் எழுத்து எப்படி இவ்வளவு தெளிவா நிக்குதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சரி, அதில் ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

வியாபாரி அண்ணன் சொல்வது இதுதான்: “இன்னைக்கு மல்லிகைப்பூ கிலோ எண்ணூறு ரூபாய்க்குப் போச்சு, முகூர்த்த நாள் வந்தா இன்னும் ஏறும்.” இதை அப்படியே எடிட்டிங் ஆப்பில் ஒட்டினால், இடம் தீர்ந்த இடத்தில் அதுவே மடக்கிவிடும். இங்கே பாருங்கள்.

இன்னைக்கு மல்லிகைப்பூ கிலோ
எண்ணூறு ரூபாய்க்குப் போச்சு
முகூர்த்த நாள் வந்தா
இன்னும் ஏறும்

நாலு வரி, திரையில் நிறைய இடம் போச்சு. அதைவிட மோசம், ‘கிலோ’ மேலே தொங்குகிறது, விலை கீழே கிடக்கிறது. படிப்பவர் கண் ‘கிலோ’வில் நின்று தடுமாறும். நான் இதை, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு அட்டையாகப் பிரித்தேன். முதலில் இது:

இன்னைக்கு மல்லிகைப்பூ
கிலோ 800க்குப் போச்சு

அண்ணன் மூச்சு விட்டதும் அடுத்தது:

முகூர்த்த நாள் வந்தா
இன்னும் ஏறும்

எண்ணூறு ரூபாயை 800 ஆக்கியதில் இடம் மிச்சம். விலையும் அளவும் பிரியக் கூடாது. ‘முகூர்த்த நாள்’ மாதிரி சேர்ந்தே வருவதும் பிரியக் கூடாது. ‘வந்துகொண்டு’ ஒரு வரியிலும் ‘இருக்கிறார்’ அடுத்த வரியிலும் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆப் மேல் பாரத்தைப் போடாமல், எண்டர் தட்டி நாமே மடக்குவதுதான் நல்லது.

ஒரு வரிக்கு எத்தனை எழுத்து? படம் 1080 அகலம், 1920 உயரம். இரண்டு பக்கமும் 120 பிக்சல் விட்டால் 840 மிச்சம். எழுத்தளவு 56 வைத்தால் ஏறக்குறைய 15 எழுத்து உட்காரும். இதை நாம் கண்ணால் எண்ணும் எழுத்தாக எண்ணுங்கள், ஆப் காட்டும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ‘மல்லிகை’ நமக்கு நாலு எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் ஆப்புக்கு அது ஏழு. அந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து வரியைச் சின்னதாக்க வேண்டாம். ஆனால் ண, ஞ, ஐ எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவை நிறைய வந்தால் 13லேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது முதல் அட்டையை நெருங்கிப் பாருங்கள். மேல் வரி ‘பூ’வில் முடிகிறது, அதன் சுழி கீழே இறங்குகிறது. நடுவில் வைத்து எழுதியதால், ஏறக்குறைய அதற்கு நேர் கீழே ‘போச்சு’வின் ச் புள்ளி வருகிறது. வரி இடைவெளி இங்கிலீஷுக்கு வைப்பதைப்போல நெருக்கமாக இருந்தால் அந்தப் புள்ளி சுழியில் போய் முட்டும், ‘போசசு’ என்று தெரியும். எழுத்தளவில் 1.4 மடங்கு, அதாவது ஒரு வரிக்கு 78 பிக்சல் அளவில் வைத்தேன், பிரிந்துவிட்டது.

தடிமனும் இப்படித்தான். ரொம்பத் தடித்த ஃபாண்டில் ழ, இ, ண இவற்றின் உள்வளையம் அடைபடும். அதன்மேல் கறுப்பு அவுட்லைனும் போட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போகும். அண்ணன் வேறு கட்டம் போட்ட சட்டை. அதனால் அவுட்லைனை எடுத்துவிட்டு, எழுத்துக்குப் பின்னால் பாதி தெரியும் கறுப்புப் பட்டை கொடுத்தேன். பார்க்க அவ்வளவு ஸ்டைலாக இல்லைதான், ஆனால் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தாலும் படிக்க முடிகிறது.

அப்புறம் இடம். அடியில் 400 பிக்சல் அளவுக்கு சேனல் பெயர், தலைப்பு வந்து உட்காரும். வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்கள். ஆப்புக்கு ஆப் இது கொஞ்சம் மாறும். அதற்கு மேலே வைக்கலாமென்றால், திரையின் மேல் விளிம்பிலிருந்து எண்ணினால் 1200லிருந்து 1450 பிக்சல் வரை அண்ணன் கையும் தராசும். எடை ஏறும் எண்தான் அந்த ஷாட்டே, அதை மறைத்தால் எதற்கு வீடியோ? மேலே முகம். மிச்சம் இருந்தது நெஞ்சுப் பகுதி, 1000லிருந்து 1160 வரை. இரண்டு வரி அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. வீடியோ முழுக்க அதே இடம்தான், ஷாட்டுக்கு ஷாட் மாற்றினால் கண் எழுத்தைத் தேடி அலையும்.

இன்னொன்று, எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழும் டைப்பிங் எஃபெக்ட் தமிழுக்கு வேண்டாம். சில ஆப்பில் ‘போ’ வருவதற்குள் ‘ப’ வந்து, பிறகு கொம்பு முளைக்கும், நடுவில் புள்ளிவட்டம்கூடத் தெரியும். வார்த்தை வார்த்தையாக வரும்படி வையுங்கள்.

முடித்ததும் பிரைவேட்டில் ஏற்றி, போனில் கையை நீட்டிப் பிடித்து ஒருமுறை பாருங்கள். லேப்டாப்பில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். தலைப்பைத் தொட்டு விரித்தும் பார்த்துவிடுங்கள், சிலதில் அது பாதித் திரைவரை ஏறி வருகிறது.