‘உடனே பதிவு செய்யவும்’னு போட்டேன், பதினோரு பேர்தான் வந்தாங்க

வணக்கம்ங்க. பின்னாடி குக்கர் சத்தம் வரும், கண்டுக்காதீங்க.

எங்க அபார்ட்மெண்ட்ல ஏ பிளாக், பி பிளாக்னு ரெண்டு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. போன மாசம் உயில் எழுதறது பத்தி ஒரு இலவசக் கருத்தரங்கு வெச்சோம். பேச வந்தவர் எங்க தெருவுல இருக்கற ஒரு வக்கீல். மொட்டை மாடி ஹால்ல அறுபது நாற்காலி. அறிவிப்பு எழுதற வேலை என் தலையில விழுந்துச்சு. சரி, ரெண்டு குரூப்லயும் ரெண்டு விதமாப் போட்டுப் பாப்போமேன்னு தோணுச்சு.

ஏ பிளாக்ல போட்டது இது: "உயில் விழிப்புணர்வுக் கருத்தரங்கு. ஞாயிறு காலை 10 மணி. இடங்கள் குறைவு. உடனே பதிவு செய்யவும்." கீழ கூகுள் ஃபார்ம் லிங்க்.

பி பிளாக்ல: "முத்திரைத்தாள் இல்லாம வெள்ளைத்தாள்ல எழுதினாலும் உயில் செல்லும், ஆனா ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். இந்த மாதிரி சந்தேகம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டை மாடிக்கு வாங்க, வக்கீல் கிட்டயே கேட்டுக்கலாம். வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வர்றதா இருந்தா எனக்குத் தனியா ஒரு வரி அனுப்புங்க, நாற்காலி போடறதுக்குத்தான்."

ஏ பிளாக்ல இருபத்தாறு பேர் பதிவு பண்ணாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். பி பிளாக்ல எட்டே எட்டு மெசேஜ். ஞாயித்துக்கிழமை வாசல்ல நோட்டு வெச்சு, வர்றவங்களை எந்த பிளாக்னு கேட்டு எழுதினேன். ஏ பிளாக்ல இருந்து பதினொண்ணு, பி பிளாக்ல இருந்து பத்தொன்பது.

உடனே "அன்பா கூப்பிட்டா ஜெயிச்சிடலாம்"னு முடிவு கட்டிடாதீங்க. பி பிளாக்ல ஒரே வீட்டுல இருந்து நாலு பேர் வந்தாங்க. அந்த வீட்டுக்கு அன்னிக்கு வேற வேலை இருந்திருந்தா கதை மாறியிருக்கும். இவ்வளவு சின்னக் கணக்கை வெச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. நான் காரணத்தைத் தேடி நாலஞ்சு பேர்கிட்ட பேசினேன். அதுலதான் விஷயம் கிடைச்சுது.

ஏ பிளாக் தாத்தா ஒருத்தர் சொன்னார்: "உயிலுக்கு உடனே பதிவு பண்ணுன்னா, என்னம்மா, எனக்கு நேரம் வந்துடுச்சுன்றியா?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா அவர் வரலை. இன்னொரு அம்மா, ஃபார்ம்ல பேரு போட்டா தன் பையனுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்தாங்க. சொத்து விஷயம் இல்லையா. நல்லவேளை, பி பிளாக்ல "குரூப்லயே சொல்லுங்க"ன்னு போடலை. போட்டிருந்தா அந்த எட்டு மெசேஜும் வந்திருக்காது.

அப்புறம் அந்த ‘செய்யவும்’. ‘வும்’ல முடிஞ்சாலே அது ஆபீஸ் நோட்டீஸ். "காலணிகளை வெளியே விடவும்"னு எழுதற பாஷை அது. அதுக்குன்னு "அனைவரும் வருக"ன்னு போட்டாலும் பிரயோஜனம் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டா யாரையும் கூப்பிட்ட மாதிரி இருக்காது. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்ல மட்டும் அனுப்பினா மாமா கோவிச்சுக்கறார்ல, அதே கதைதான்.

என் தப்பும் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் ரெண்டு தடவை பதிவு பண்ணிடக் கூடாதுன்னு ஃபார்ம்ல ‘ஒரு தடவை மட்டும்’ செட்டிங்கைப் போட்டு வெச்சிருந்தேன். அதைப் போட்டா கூகுள் கணக்குல லாகின் பண்ணச் சொல்லும். பாஸ்வேர்டு பேரனுக்குத்தான் தெரியும்னு மூணு பேர் அப்படியே விட்டுட்டாங்க. இதுக்குப் போய் பதிவு பண்ணச் சொன்ன வார்த்தையைக் குறை சொல்ல முடியாது. லிங்க் அனுப்பறதுக்கு முன்னாடி, லாகின் ஆகாத போன்ல ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.

நேரடியா "பதிவு பண்ணுங்க"ன்னு சொல்ற இடமும் இருக்கு. கோடை லீவுல பசங்களுக்கு செஸ் வகுப்பு வெச்சோம். பலகை பத்துதான், அதனால இருபது பசங்களுக்குத்தான் இடம். "இருபது பேருக்கு மட்டும், இங்க பேர் குடுங்க"ன்னு போட்டேன், அன்னிக்கே நிரம்பிடுச்சு. அங்க வரலாமா வேணாமான்னு யாரும் யோசிக்கலை, இடம் கிடைக்குமான்னுதான் யோசிச்சாங்க. உயிலுக்கு அறுபது நாற்காலியைப் போட்டு வெச்சுக்கிட்டு "இடங்கள் குறைவு"ன்னு நான் எழுதினது பச்சைப் பொய். வந்தவங்க பாதி நாற்காலி காலியாக் கிடந்ததைப் பாத்திருப்பாங்க. அடுத்த தடவை எப்படி நம்புவாங்க?

மென்மையாக் கூப்பிடறதுல இருக்கற கஷ்டம், எத்தனை பேர் வருவாங்கன்னு கடைசி வரை தெரியாது. எட்டு மெசேஜை நம்பி டீ சொல்லியிருந்தா மானம் போயிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த எட்டு பேருக்கும் "நீங்க மட்டுமா, வீட்டுல இருந்து வேற யாராவது வர்றாங்களா?"ன்னு தனித்தனியா கேட்டேன். பதினாலுன்னு கணக்கு வந்துச்சு. மீதி அஞ்சு பேர் சொல்லாமலே வந்தவங்க.

அடுத்த மாசம் அதே வக்கீல் வாரிசுச் சான்றிதழ் பத்திப் பேச வர்றார். இந்தத் தடவை மாத்திப் போடப்போறேன். பி பிளாக்குக்குப் பதிவு, ஏ பிளாக்குக்கு அழைப்பு. ஃபார்ம்ல அந்த செட்டிங்கை எடுத்தாச்சு. அந்தத் தாத்தாவை மட்டும் நேர்ல போய்க் கூப்பிடப்போறேன், அவரைக் கணக்குல சேக்க மாட்டேன்.