வட்டி ஏறியது, இரண்டு பக்கமும் நஷ்டம்: 265 டாலர் கதை

வணக்கம் மக்களே. போன வாரம் வீடியோ போடவில்லை, காரணம் 265 டாலர். வட்டி ஏறினால் என் பத்திரத்தில் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு ஹெட்ஜ் போடப்போய்ப் போன பணம் அது. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

நான் வாங்கிய 10 வருட அமெரிக்கக் கருவூலப் பத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். முகமதிப்பு 30,000 டாலர், கூப்பன், அதாவது வருட வட்டி, 4.25 சதவீதம், இப்போது ஏறத்தாழ 100க்கே போகிறது. இன்றைய விலையில் வாங்கினால் கிடைக்கும் வட்டி வீதம்தான் ஈல்ட்; அது ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். அது ஒரு பேசிஸ் பாயிண்ட், அதாவது 0.01 சதவீதம், நகர்ந்தால் என் பணம் எத்தனை டாலர் நகரும்? அதுதான் DV01. என் புரோக்கரின் திரையில் 0.0808 என்று இருந்தது. எட்டு காசா என்று பதறாதீர்கள். அது 100 டாலர் முகமதிப்புக்கு. என்னிடம் அப்படி 300 இருப்பதால் 24 டாலர் சொச்சம்.

வழக்கம்போல திரையை நம்பாமல் நானே போட்டுப் பார்த்தேன். ஈல்ட் 4.24 என்றால் விலை 100.081, 4.26 என்றால் 99.919. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. B1-ல் செட்டில்மென்ட் தேதி, B2-ல் முதிர்வுத் தேதி:

```
=(PRICE(B1,B2,4.25%,4.24%,100,2,1)-PRICE(B1,B2,4.25%,4.26%,100,2,1))/2*300
```

24.23 வந்தது.

அட, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். ஏன் ஹெட்ஜ்? ஒரு வீடு பேசிக்கொண்டிருக்கிறோம், ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். அமைந்தால் பத்திரத்தை விற்பேன், இல்லாவிட்டால் வைத்துக்கொள்வேன். இப்போதே விற்றுவிடலாமே என்றால், சின்ன லாட்டுக்கு புரோக்கர் கொடுக்கும் விலையைப் பாருங்கள்: 100க்குப் போகும் பத்திரத்துக்கு 99.70! விற்க 90 டாலர் போகும், திரும்ப வாங்கும்போது இன்னொரு 90 போகும். எனக்கு அடியோடு பிடிக்காத செலவு இது.

சரி, ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னால் வரும் ஒரு தேதிக்கான விலையை இப்போதே பேசி முடிக்கும் ஒப்பந்தம். எல்லோரும் சொல்வது ZN, அதாவது 10 வருட நோட் ஃபியூச்சர்ஸ். ஆனால் ஒரு கான்ட்ராக்ட் 1,00,000 டாலர் முகமதிப்பு, அதன் DV01 60 டாலருக்கு மேல். 24 டாலர் ஆபத்தை மறைக்க அதை ஒன்று விற்றால், 36 டாலருக்கு மேல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவேன். அப்புறம் வட்டி இறங்கினால் எனக்கு நஷ்டம், அது ஹெட்ஜே இல்லை.

அதனால் சிகாகோவின் ஃபியூச்சர்ஸ் சந்தையான சிஎம்இ-யின் மைக்ரோ 10 வருட ஈல்ட் ஃபியூச்சர்ஸ். குறியீடு 10Y. இது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு ஒரு கான்ட்ராக்ட் சரியாக 10 டாலர். 24.23ஐ 10ஆல் வகுத்தால் 2.4, ஆக இரண்டு கான்ட்ராக்ட்.

இங்கேதான் சறுக்கினேன். ZN பழக்கத்தில் "பத்திரம் கையில் இருக்கிறது, ஃபியூச்சர்ஸை விற்க வேண்டும்" என்று இரண்டை விற்றுவிட்டேன். ஆனால் 10Y-யின் விலையே ஈல்ட்தான்! வட்டி ஏறினால் அந்த விலையும் ஏறும். ஆகவே அதை வாங்க வேண்டும். அன்று ஈல்ட் 6 பேசிஸ் பாயிண்ட் ஏறியது. பத்திரத்தில் 145 டாலர் போனது, ஃபியூச்சர்ஸில் 120 போனது. மொத்தம் 265. திரையில் இரண்டு வரியும் சிவப்பு.

ஹெட்ஜ் சரியாக இருந்தால் பெரிய நகர்வு நாளில் ஒரு வரி பச்சை, ஒரு வரி சிவப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறம் என்றால் உடனே ஆர்டர் பக்கத்தைத் திறந்து, வாங்கினோமா விற்றோமா என்று பாருங்கள். நான் விற்ற இரண்டையும் திரும்ப வாங்கி, மேலும் இரண்டு வாங்கினேன். சரியாகச் செய்திருந்தால் அன்றைக்கு என் கணக்கில் மிஞ்சியிருக்கும் நஷ்டம் 25 டாலர்தான். 24.23க்குப் பதில் 20தான் மறைக்கிறோம் இல்லையா, அந்த 4.23 இடைவெளி ஆறு மடங்கு.

நேற்று ஈல்ட் 4 பேசிஸ் பாயிண்ட் ஏறியது. பத்திரத்தில் மைனஸ் 97, ஃபியூச்சர்ஸில் பிளஸ் 80. அந்தப் பச்சை வரியைப் படம் பிடித்தே வைத்திருக்கிறேன், பாருங்கள், என்ன அழகு!

இன்னொன்று, உங்களில் பலர் கம்பெனிப் பத்திரம் வைத்திருக்கிறீர்கள். அதற்கு இதையே செய்தால் கருவூல வட்டி நகர்வு மட்டும்தான் மறையும். கம்பெனி மீது சந்தேகம் வந்து ஸ்ப்ரெட், அதாவது கருவூல வட்டிக்கு மேல் அந்தப் பத்திரத்துக்குக் கேட்கப்படும் கூடுதல் வட்டி, விரிந்தால் அந்த அடி முழுக்க உங்கள் மேல்தான். 5 வருடப் பத்திரத்துக்கு 10Y-யை வைத்தாலும் பொருந்தாது, 5 வருட வட்டியும் 10 வருட வட்டியும் ஒன்றாக நகர்வதில்லை.

அந்த 24.23-ம் நிலையானதல்ல. ஈல்ட் 5.25க்கு ஏறினால் என் பத்திரத்தின் DV01 22 ஆகிவிடும், ஃபியூச்சர்ஸின் 10 மாறாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஷீட்டைத் திறக்கிறேன். கான்ட்ராக்ட் மாதாமாதம் முடிவதால் அடுத்த வாரம் புது மாதத்துக்கு மாற்ற வேண்டும். ஆர்டர் போடும்போது கேமராவை வைக்கிறேன், இந்த முறை வாங்கும் பொத்தான்தான்.