போட்டோவில் துணியின் நெசவைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: கொடியில் தொங்கும் கட்டம் போட்ட சேலை. துணியின் மேல் நீரலை போல வளைந்த கோடுகள்.]

போன வாரம் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அரக்கு நிறமும் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட பருத்திச் சேலை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி மாதிரி. கூடவே ஒரு கேள்வி: "இது கைத்தறிதானா, பார்த்துச் சொல்லு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலே தெரியவில்லை. வளைந்து வளைந்து போகும் பட்டைகள்தான் தெரிந்தன. அவை துணியில் இல்லாதவை, கேமரா உண்டாக்கியவை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். படத்தின் அகலம் 3,000 பிக்சல். அதற்குள் 48 அங்குலத் துணி முழுவதும் அடங்கியிருக்கிறது. அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 62 பிக்சல். துணியிலோ ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 நூல். ஒரு நூலுக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் அது மேலே போகிறதா, கீழே போகிறதா என்று எப்படித் தெரியும்?

அதனால் வேறு படம் கேட்டேன். சேலையை மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நாலு அங்குலம் மட்டும் தெரியும்படி நேர் மேலிருந்து எடுக்கச் சொன்னேன். வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழ வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது நூலின் மேடு பள்ளத்தை அழித்துவிடும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். இப்போது ஒரு நூலுக்குப் பன்னிரண்டு பிக்சல் கிடைத்தது. இது போதும்.

[திரையில்: நெருக்கப் படம். ஒரு பாவு நூல் மட்டும் சிவப்புக் கோட்டால் காட்டப்படுகிறது.]

இனி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஒரு பாவு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எங்கே ஊடைக்குக் கீழே இறங்குகிறது என்று குறியுங்கள். அடுத்த பாவு நூலுக்குப் போங்கள். அது இறங்கும் இடம் எத்தனை ஊடை தள்ளியிருக்கிறது? நெசவின் பெயர் அந்தத் தள்ளலில் இருக்கிறது.

சித்தியின் சேலையில் நூல் ஒன்று மேலே, ஒன்று கீழே, மறுபடி ஒன்று மேலே. பக்கத்து நூல் அதற்கு நேர் எதிர். பெரிதாக்கினால் சதுரங்கப் பலகை போல இருக்கும். இதுதான் சாதா நெசவு. வேட்டி, கதர், பாப்ளின், லுங்கி எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

[திரையில்: ஜீன்ஸ் துணி. முன்பக்கமும் பின்பக்கமும் அருகருகே.]

இப்போது ஒரு ஜீன்ஸை எடுத்துக்கொள்வோம். நீலப் பாவு மூன்று வெள்ளை ஊடைக்கு மேலே போய், ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. அடுத்த நூல் இறங்கும் இடம் ஒரே ஒரு ஊடை தள்ளி. அதற்கடுத்தது இன்னொன்று தள்ளி. இப்படிப் படிப்படியாக நகர்வதால் சாய்வுக் கோடு விழுகிறது. இது ட்வில். முன்பக்கம் நீலமாகவும் பின்பக்கம் வெளுப்பாகவும் இருப்பதும் இதே மூன்றுக்கு ஒன்று கணக்கால்தான்.

ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம். கோடு வலப்பக்கம் ஏறுகிறதா, இடப்பக்கம் ஏறுகிறதா என்று அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது. படத்தைக் கால்வட்டம் திருப்பினாலும் கோடு மாறும், செல்ஃபி கேமரா கண்ணாடி போல மாற்றிக் காட்டினாலும் மாறும். முதலில் துணியின் ஓரம் எது என்று பாருங்கள். அதற்கு இணையாக ஓடுவதுதான் பாவு.

சாட்டினில் நூல் நாலு ஊடைக்கு மேலே நீளமாக மிதந்து, ஐந்தாவதற்குக் கீழே இறங்கும். அடுத்த நூல் இறங்கும் இடம் ஒன்று தள்ளி இருக்காது, இரண்டோ மூன்றோ தாண்டி இருக்கும். இறங்கும் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடப்பதால் கோடு எடுப்பாகத் தெரிவதில்லை, வழவழப்பான பரப்புதான் தெரிகிறது. பளபளப்பை வைத்து சாட்டின் என்று முடிவு கட்டுபவர்கள்தான் அதிகம். பட்டுச் சேலையின் உடல் பெரும்பாலும் சாதா நெசவுதான். அங்கே மின்னுவது பட்டு நூல், நெசவு இல்லை.

[திரையில்: மறுபடி சித்தியின் சேலை. அரக்குப் பாவும் மஞ்சள் ஊடையும் சந்திக்கும் கட்டம்.]

சரி, கட்டத்துக்கு வருவோம். கட்டம் என்பது நெசவு வகை இல்லை. அது நிறத்தின் ஏற்பாடு. முன்பே சாயம் போட்ட நூல்களைப் பாவிலும் ஊடையிலும் பட்டை பட்டையாக மாற்றி வைத்து, சாதா நெசவாக நெய்கிறார்கள். ட்வில்லிலும் கட்டம் உண்டு.

அரக்கும் அரக்கும் சந்திக்கும் இடம் முழு அரக்கு. மஞ்சளும் மஞ்சளும் சந்தித்தால் முழு மஞ்சள். இரண்டும் கலக்கும் கட்டத்தில் புது நிறம் எதுவும் இல்லை. அரக்குப் புள்ளி, மஞ்சள் புள்ளி என்று மிளகும் கடுகும் தூவியது போல இருக்கிறது. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது கடைசிவரை ஒரே நிறம். அச்சடித்த கட்டத்தில் இப்படி வராது. ஒரே நூல் பாதி தூரத்தில் நிறம் மாறும், கலப்புக் கட்டம் ஒரே சீராக இருக்கும், பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். போச்சம்பள்ளி, சம்பல்புரி வகைகளை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றில் நூலையே பகுதி பகுதியாகக் கட்டிச் சாயமேற்றுவதால் ஒரே நூலில் பல நிறம் வரும்.

ஆக, சித்தியின் கட்டம் நெய்த கட்டம். கைத்தறியா என்பது அடுத்த கேள்வி.

இதற்குக் கட்டங்களை எண்ணினேன். பாவு வாக்கில் ஒவ்வொரு பட்டையிலும் 30 நூல், மாற்றமே இல்லை. பாவை ஒருமுறை எண்ணிக் கோத்துவிட்டால் கடைசிவரை அதே கணக்குதான். ஊடை வாக்கில் எண்ணினால் 30, 32, 30, 28 என்று வந்தது. எல்லாமே இரட்டை எண், ஏனென்றால் ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா போன பக்கத்திலிருந்து திரும்பி வந்த பிறகுதான் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எத்தனை முறை போய்வந்தது என்பதில் கொஞ்சம் முன்னே பின்னே. விசைத்தறியில் நிற மாற்றத்தை இயந்திரம் எண்ணுவதால் கணக்கு ஒன்றாகவே வரும். கையால் நெய்பவர் மனக்கணக்கில் எண்ணுகிறார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு சுற்று கூடும், குறையும்.

[திரையில்: சேலையின் ஓரம், நெருக்கமாக.]

ஓரத்தின் படமும் வாங்கினேன். ஊடை வெட்டுப்படாமல் மடங்கித் திரும்புகிறது. எனவே நாடா ஓடிய தறி. நாடா இல்லாத நவீனத் தறியில் பெரும்பாலும் ஊடை வெட்டப்பட்டுக் குஞ்சம் போல நிற்கும். ஆனால் நாடா ஓடும் விசைத்தறிகளும் ஏராளம் என்பதால், ஓரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நூலின் தடிமன் சீராக இல்லை என்பதும் சாட்சி ஆகாது. முண்டும் முடிச்சுமாக நூற்ற நூல் மில்லிலேயே கிடைக்கிறது.

சித்திக்கு இப்படிப் பதில் போட்டேன்: "சாதா நெசவு, நெய்த கட்டம், அச்சு இல்லை. ஊடைக் கணக்கைப் பார்த்தால் கைத்தறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படத்தை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது."

உடனே பதில் வந்தது: "அதெல்லாம் சரி, சாயம் போகுமா போகாதா?"

ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.