நான்காம் பக்கத்தில் இருந்த 10 சதவீதம்

வணக்கம் மக்களே. பெரியம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். அதன் செல்களில் எந்த ஜீன் மாறியிருக்கிறது என்று பார்க்கும் என்ஜிஎஸ் சோதனையின் இரண்டாவது ரிப்போர்ட் நேற்று ராத்திரி வந்துவிட்டது. காபி கூடப் போடாமல் நேராகக் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ரிப்போர்ட்டுக்கு நான் எப்படிக் கொதித்தேன் என்று போன வீடியோவில் பார்த்தீர்கள். 32,000 ரூபாய்! பெரியப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். அதற்கு வந்த பதில் ஒரே வரி: மருந்துக்கு வழிகாட்டும் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில், 'ட்யூமர் செல் 10 சதவீதம்' என்று இருந்தது. 32,000 வாங்கியவர்கள் அதை முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். 100 செல்லில் 10தான் புற்றுநோய் செல். ஒவ்வொரு செல்லிலும் ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதி, மாற்றம் பெரும்பாலும் ஒன்றில்தான் இருக்கும். ஆக 200 பிரதியில் 10, வெறும் 5 சதவீதம். அந்த லேப் 5 சதவீதத்துக்குக் கீழே கிடைத்தால் எழுதவே எழுதாது. கொஞ்சம் குறைந்தாலும் போச்சு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நோய் நுரையீரலில் என்றாலும், அந்த சாம்பிள் இடுப்பெலும்பில் எடுத்தது. எலும்பைச் சீவுவதற்காக ஆசிடில் ஊறவைத்து இளக்குவார்கள். அதில் டிஎன்ஏவும் துண்டு துண்டாகிவிடும்.

இந்தத் தடவை நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த நீரை எடுத்து, அதில் இருந்த செல்களைத் திரட்டி அனுப்பினார்கள். ட்யூமர் செல் 60 சதவீதம்! படித்ததும் கத்திவிட்டேன். கூடவே, ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவும் பார்த்தார்கள். இரண்டு ஜீன்கள் உடைந்து ஒட்டிக்கொள்ளும் கோளாறில், உடைகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும். டிஎன்ஏ சோதனை அதைத் தவறவிடலாம். ஆர்என்ஏவில் ஒட்டிய வடிவமே நேராகத் தெரியும். அப்படி எதுவும் இல்லை.

ஆனால் கேராஸ் ஜீனில் ஜி12டி என்ற மாற்றம் 29 சதவீதப் பிரதிகளில் இருக்கிறது. 60இல் பாதி 30, கணக்கு சரியாக உட்காருகிறது. முதல் சோதனையில் நழுவியது இதுதான்.

கேராஸ் என்றதும், கேராஸ் மாற்றத்துக்கென்றே வந்த சோட்டோராசிப் மாத்திரை ஞாபகம் வந்து துள்ளினேன். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாக்டர் நிதானமாக விளக்கினார். அது ஜி12சி என்ற வேறொரு கேராஸ் மாற்றத்துக்கு உரியது. அங்கே புரதத்தின் 12ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வந்து உட்காரும். மாத்திரை அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். பெரியம்மாவுக்கு அதே இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம். பிடிக்கக் கொக்கி இல்லை.

முதல் 'இல்லை'யை நான் நம்பவில்லை. இந்த மாத்திரைக்கான 'இல்லை'யை நம்புகிறேன். கீமோவும் இம்யூனோதெரபியும் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஜி12டிக்குப் புது மருந்து ட்ரயல் எங்கே நடக்கிறது என்று அன்றைக்கே கேட்கப்போகிறேன். நான்காம் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போகிறேன்.