அண்டாவில் முந்தியது, அறையில் முந்தியது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் தைலம் காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். கற்பூர மரத்து இலையை, அதாவது யூகலிப்டஸ் இலையை, அண்டாவில் காலால் மிதித்து அடைப்போம். மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடியில் தீ மூட்டுவோம். ஆவி குழாய் வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து, மறுமுனையில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தத் தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான் தைலம். கற்பூர இலையில் இருக்கிற தைலத்தில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே வந்துவிடும். வெட்டிவேரோ ஒரு பகலும் ஓர் இரவும் தீயைக் கேட்கும். அவ்வளவு நேரம் எரித்தாலும் கொஞ்சம்தான் கொடுக்கும்.

படுக்கையறையில் மணம் பரப்புகிற டிஃப்யூசர் கருவிக்குத் தைலம் கலப்பதைப் பற்றிப் பேச வந்தவன் அண்டாவில் ஏன் தொடங்குகிறேன் என்றால், அங்கே பார்த்ததுதான் இங்கேயும் நடக்கிறது. அண்டாவை விட்டுச் சீக்கிரம் கிளம்புகிற தைலம் அறையை விட்டும் சீக்கிரம் கிளம்பிவிடும். அண்டாவில் அடம்பிடிக்கிற தைலம் அறையிலும் அடம்பிடிக்கும். காரணம் எளிது. சிறிய, லேசான மூலக்கூறு சட்டென்று ஆவியாகும். பெரிய, கனமான மூலக்கூறு மெல்ல ஆவியாகும்.

இந்த வேகத்தை வைத்துத்தான் தைலங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலில் மூக்குக்கு வந்து முதலில் போய்விடுவது மேல் வாசனை. ஆரஞ்சுத் தோல் தைலம் இந்த வகை. கமலா ஆரஞ்சை உரிக்கும்போது தோலிலிருந்து தூறல் போல ஒன்று தெறித்து அறை முழுக்க மணக்குமே, அதே பொருள்தான். பழத்தைத் தின்று முடிப்பதற்குள் அந்த மணம் பாதி போயிருக்கும். அடுத்தது நடு வாசனை. லாவெண்டரும், நம் மலையிலும் கொடைக்கானல் பக்கமும் பயிராகிற ஜெரேனியமும் இதில் சேரும். சில மணி நேரம் நிற்கும். கடைசியாக அடி வாசனை: வெட்டிவேர், சந்தனம், தேவதாரு. காலையில் தலையணை உறையை முகர்ந்தால் இருப்பது இவைதான்.

வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய வாசனைத் தயாரிப்பாளர், பொருள்களைத் தாளில் தொட்டு வைத்து, மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, 1 முதல் 100 வரை எண் கொடுத்தார். சீக்கிரம் போவதற்குச் சிறிய எண், நெடுநேரம் நிற்பதற்கு 100. அவர் மலையேறிப் படமெடுத்துப் பேர் வாங்கியவரும்கூட என்பது மலைக்காரனான எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவர் செய்ததை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மை உறிஞ்சும் கெட்டித் தாளை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு தைலம், ஒரே ஒரு சொட்டு. தாளின் மறுமுனையில் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, இரவு, மறுநாள் காலை என்று முகர்ந்து பாருங்கள். ஒரு நாளில் உங்கள் மூக்கே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும்.

சரி, இனி அளவுக்கு வருவோம். மேல் வாசனை 30 பங்கு, நடு 50, அடி 20 என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்கு தப்பில்லை. ஆனால் அதைச் சொட்டு எண்ணிக்கையாக அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, குன்னூரில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மில்லி பிடிக்கிற சிறு பழுப்புக் குப்பியில் 40 சொட்டு கலந்திருந்தார். ஆரஞ்சு 12, லாவெண்டர் 14, ஜெரேனியம் 6, வெட்டிவேர் 8. கூட்டிப் பாருங்கள், 30, 50, 20 அச்சாக வரும்.

“தம்பி, போட்டு அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் புது மழை பெஞ்ச மண்ணுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. தலை கனக்குது” என்றார்.

“வெட்டிவேர் எத்தனை சொட்டுக்கா?” என்று கேட்டேன்.

“எட்டு. கணக்கு அப்படித்தானே வருது?”

அங்கேதான் சிக்கல். அந்தக் கணக்கு வேகத்தை மட்டும் பார்க்கிறது, வீரியத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டு வெட்டிவேரின் மணமும் ஒரு சொட்டு ஆரஞ்சின் மணமும் ஒரே எடை இல்லை. வெட்டிவேர் மெல்லப் போவது மட்டுமல்ல, கொஞ்சமாக இருந்தாலே எடுத்துத் தெரியும். ஆரஞ்சு போன பிறகு, லாவெண்டரும் இளைத்த பிறகு, எட்டுச் சொட்டு வெட்டிவேர் தனியாக நின்று பேசுகிறது. ஜெரேனியமும் அப்படித்தான். ரோஜா போன்ற அந்த மணம் அளவு மீறினால் இனிப்பு திகட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அந்த அக்கா வீட்டுச் சமையல் மேடையிலேயே புதிதாகக் கலந்தோம். லாவெண்டரை 20 சொட்டாக ஏற்றினோம். தூக்கம் வருகிற நேரத்தில் நடுவில் நிற்க வேண்டியது அதுதான். ஜெரேனியம் 3 சொட்டு போதும் என்று குறைத்தோம். ஆரஞ்சு 10. அடி வாசனைக்கு வெட்டிவேரை மட்டும் நம்பாமல், சாதுவான தேவதாருவை 6 சொட்டு விட்டு, வெட்டிவேரை ஒரே ஒரு சொட்டாக்கினோம். மொத்தம் அதே 40. இப்போது மேல் வாசனை கால் பங்கு, நடு பாதிக்குச் சற்று மேல், மீதி அடி. காகிதத்தில் பார்த்தால் பழைய கணக்கிலிருந்து பெரிதாக விலகவில்லை. மாறியது, ஒவ்வொரு பங்குக்குள்ளும் யாருக்கு எவ்வளவு இடம் என்பது.

கலந்த உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். குப்பியை மூடி இரண்டு மூன்று நாள் இருட்டில் வையுங்கள். முதல் நாள் தனித்தனியாகக் குத்துகிற மணங்கள் அதற்குள் ஒன்றோடு ஒன்று படிந்துவிடும். பிறகு தாளில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து முகருங்கள். தூங்கப் போகிற நேரத்தில் அறையில் இருக்கப்போவது அந்த மணம்தான், குப்பியைத் திறந்ததும் வருவது அல்ல. இரண்டு மணி நேரத்தில் மண் வாசனை மட்டும் தெரிந்தால் வெட்டிவேர் அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் நடுவில் தெம்பு போதவில்லை.

குளிர்காலத்தில் நம் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. வெட்டிவேர்த் தைலம் பாகு மாதிரி இறுகிவிடும். குப்பியைக் கவிழ்த்தால் வராது. பொறுமையிழந்து உதறினால் இரண்டு மூன்று சொட்டு சேர்ந்து விழும், கலவை கெட்டது. ஒரு சொட்டுதான் வேண்டும் என்கிறபோது இது பெரிய பிழை. குப்பியை உள்ளங்கைக்குள் சிறிது நேரம் பொத்தி வையுங்கள். அல்லது வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அப்புறம் அது ஒழுங்காக இறங்கும். வெட்டிவேரை எப்போதும் முதலில் விடுவது என் வழக்கம். கை தவறினால் அந்த இரண்டு சொட்டோடு போகும், மற்ற தைலமெல்லாம் வீணாகாது.

எந்த டிஃப்யூசர் என்பதும் முக்கியம். மெழுகுவர்த்தியால் கிண்ணத்தைச் சூடாக்குகிற வகையில், ஆரஞ்சு முதலில் பறந்துவிடும், கனமானவை கிண்ணத்தின் அடியில் தங்கும். தண்ணீர் வற்றினால் அவை கருகி நாறும். அதனால் வற்றும் முன்பே அணைத்துவிட வேண்டும். தூங்கும்போது எரிய விடவே கூடாது. மின்சாரத்தில் அதிர்ந்து குளிர்ந்த பனிப்புகை விடுகிற வகையில் எல்லாத் தைலமும் தண்ணீரோடு ஒன்றாகவே வெளியே வரும். அப்படியானால் வேகக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். வெளியே வந்த பிறகு லேசானது காற்றோடு ஜன்னல் இடுக்கு வழியாகப் போய்விடும், கனமானது திரைச்சீலையிலும் போர்வையிலும் படியும். பந்தயம் கருவிக்குள் நடக்காமல் அறைக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கத்துக் கம்பளி வெட்டிவேரை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஆகவே நாலு நாள் போட்டதும் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

பத்துக்குப் பத்து அறைக்கு 100 மில்லி தண்ணீரில் 4 சொட்டு போதும். 40 சொட்டுக் குப்பி பத்து இரவுக்கு வரும். படுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள், கதவு சற்றுத் திறந்திருக்கட்டும். கால் மணி நேரத்தில் மணம் போய்விட்டதாகத் தோன்றும். போகவில்லை, மூக்கு பழகிவிட்டது. கூடுதல் சொட்டு விடாமல் வாசலுக்குப் போய்க் குளிர்க் காற்றில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அறைக்குள் நுழையும்போது தெரியும்.

நம் கடைவீதியில் எளிதாகக் கிடைப்பது யூகலிப்டஸும் விண்டர்கிரீனும். இரண்டும் இந்தக் கலவைக்கு வேண்டாம். யூகலிப்டஸ் மூக்கைத் திறந்து சுறுசுறுப்பைக் கொடுக்கும், உறக்கத்துக்குத் துணை அல்ல. சின்னக் குழந்தை இருக்கிற அறையில் அது கூடவே கூடாது. விண்டர்கிரீன் ஏறக்குறைய முழுக்க மீதைல் சாலிசிலேட், மூட்டுவலிக்குத் தேய்க்கிற பொருள், காற்றில் கலந்து சுவாசிப்பதற்கானது அல்ல. பூனை வளர்க்கிற வீட்டிலும் கவனம் வேண்டும். ஆரஞ்சு போன்ற தோல் தைலங்களைப் பூனையின் உடல் எளிதில் வெளியேற்றாது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நான் சொல்வது அறையை அமைதியாக மணக்க வைக்கிற வழி, தூக்கமின்மைக்கு மருந்து அல்ல.

இன்னொன்று, ஆரஞ்சுத் தைலத்தின் வயது. அதில் பெரும்பகுதி லிமோனீன் என்ற பொருள். காற்றுப் பட்டால் கெடும். கெட்டால் பழ மணம் மங்கி, பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் வாடை அடிக்கும். குப்பியைத் திறந்த தேதியை ஒட்டி வையுங்கள், குளிர்ப்பெட்டியில் வையுங்கள், அந்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வெட்டிவேருக்கு இந்தக் கவலை இல்லை. வருடக்கணக்கில் இருந்தாலும் மணம் இன்னும் மெருகேறும்.

அந்த அக்கா இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். “இப்ப காலையில எந்திரிச்சா தலையணையில லேசா மரப்பெட்டி வாசனை வருது தம்பி. எங்க அம்மா சேலை வெச்சிருந்த பெட்டி மாதிரி” என்றார். அது தேவதாரு. வெட்டிவேர் அதற்குப் பின்னால் இருக்கிறது, தேடினால்தான் தெரியும்.

வணக்கம்.