மஞ்சள் சுவர், கடல் காற்று, பறக்கும் முடி: இலவசமாகப் பின்னணி நீக்கிப் பார்த்தேன்

வணக்கம். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் நிற்கிறேன். நேற்று சாயங்காலம் அக்கா மகளை இங்கேதான் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். காலேஜ் விண்ணப்பத்துக்கு வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும். கடல் காற்றில் முடி பறந்துவிட்டது. சரி, பின்னணி நீக்கும் கருவிகளைச் சோதிக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது.

முதலில் முழுப் படத்தையும் அப்படியே remove.bg தளத்தில் ஏற்றினேன். படம் 3000-க்கு 4000 பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல். அங்கே இலவசமாகக் கிடைப்பது 0.25 மெகாபிக்சல் மட்டும். கைக்கு வந்தது ஏறக்குறைய 433-க்கு 577. அதில் முகம் நூறு பிக்சல் அகலம்கூட இல்லை, பிரிண்ட் போட முடியாது.

அப்புறம் தலையும் தோளும் மட்டும் வருகிற மாதிரி, 35-க்கு 45 என்ற அளவு விகிதத்தில் வெட்டி ஏற்றினேன். இப்போது அதே 0.25 மெகாபிக்சலில் 441-க்கு 567 வரை கிடைக்கிறது. 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோவை 300 டிபிஐ-யில் அச்சடிக்க 413-க்கு 531 போதும். ஆகவே காசு கட்டத் தேவையில்லை. முதலில் வெட்டுங்கள், பிறகு ஏற்றுங்கள்.

பறக்கும் தலைமுடிக்கும் இதே வழிதான். பின்னணியை நீக்கும் RMBG-1.4 போன்ற ஏஐ மாடல்கள் எந்தப் படத்தையும் 1024-க்கு 1024 ஆகச் சுருக்கித்தான் ஆளின் ஓரத்தைக் கண்டுபிடிக்கின்றன. 12 மெகாபிக்சல் படத்தில் அப்படிச் செய்தால், ஏறக்குறைய பதினொரு பிக்சலுக்கு ஒரே முடிவுதான். மெல்லிய முடி அதிலே காணாமல் போய்விடும். வெட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு இழையும் அந்த 1024 சதுரத்துக்குள் பெரிதாகத் தெரியும்.

முடிவைச் சரிபார்க்க, வெள்ளைக்குப் பதிலாகக் கருநீலத்தைப் பின்னால் வையுங்கள். முடி ஓரத்தில் மஞ்சள் கசிவு இருந்தால் அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஒரு பிக்சலுக்குள் பாதி முடி, பாதி சுவர் இருக்கும். அதை வெறுமனே பாதி ஒளிபுகும்படி ஆக்கினால் சுவரின் நிறம் உள்ளேயே தங்கிவிடும். வெள்ளையில் அது அவ்வளவாகத் தெரியாது, ஆகவே நம் போட்டோவுக்குப் பாதகமில்லை. கல்யாண பேனருக்கு என்றால் இது முக்கியம்.

கடைசியாக, சோதனைக்காக ஏற்றினேனே தவிர, ஒரு பெண் பிள்ளையின் படத்தை யாருடைய சர்வருக்கோ அனுப்புவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் இருக்கலாம். அனுப்புமுன் அதை நீக்குங்கள். பிரவுசருக்குள்ளேயே வேலை செய்யும் தளங்களும் இருக்கின்றன. முதல் தடவை மாடலை இறக்கிக்கொள்ள நேரமாகும். உண்மையிலேயே உள்ளேயே நடக்கிறதா என்று பார்க்க, முதலில் வேறு ஏதாவது ஒரு படத்தை, பூச்செடி படமாக இருந்தாலும் சரி, அதில் போடுங்கள். பிறகு வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு உங்கள் படத்தைக் கொடுங்கள். அப்போதும் பின்னணி போனால் வேலை உங்கள் கருவிக்குள்ளேயே நடக்கிறது என்று பொருள். சுற்றிக்கொண்டே இருந்தாலோ பிழை காட்டினாலோ அதை மூடிவிடுங்கள். அக்கா மகள் படத்தை அப்படித்தான் முடித்தேன்.