ஆஸ்பத்திரியிலருந்து வந்தாச்சு, இன்னும் ரெண்டு வாரம் லீவு வேணும்: மேனேஜருக்கு லெட்டர் எழுதுறப்ப தேதியில மாட்டிக்காதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்குக் கொஞ்சம் கடுப்போடதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். போன லீவு லெட்டர் வீடியோவுக்குக் கீழ ஒரே கடிதத்தையே ஆளாளுக்கு ஒட்டி, "இது ஓகேவா?"ன்னு கேட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தவங்க, லீவை இன்னும் ரெண்டு வாரம் நீட்டிக்கச் சொல்லி மேனேஜருக்கு எழுதுற கடிதம். அதுல "தாழ்மையுடன்" மூணு இடத்துல வருது. "கருணை கூர்ந்து"ன்னு ஒண்ணு வருது. தேதி மட்டும் ஒண்ணுகூட இல்ல! "மேலும் இரண்டு வாரங்கள்" அப்படின்னு எழுதி முடிச்சுட்டாங்க. எப்பலருந்து ரெண்டு வாரம்? இந்தச் சேனலைப் பாக்குற பழைய ஆளுங்களுக்குத் தெரியும், தேதி இல்லாத லெட்டரைக் கண்டா எனக்கு எப்படி இருக்கும்னு.

சரி, ஒரு கணக்கு போடுவோம். ஒருத்தர் மார்ச் 3-லருந்து 12 வரைக்கும் லீவு வாங்கியிருக்கார். 3-ஆம் தேதி அட்மிட், ஒரு ஆபரேஷன், 9-ஆம் தேதி டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் சம்மரியில கடைசி வரி, "இரண்டு வாரம் ஓய்வு தேவை". இவரும் லெட்டர்ல "இரண்டு வாரம் நீட்டிப்பு வேண்டும்"னு எழுதுறார். பாக்க ரெண்டும் பொருந்துற மாதிரி இருக்குல்ல? பொருந்தாது.

டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்குற ரெண்டு வாரம், டிஸ்சார்ஜ் ஆன நாள்லருந்து ஓடுது. அதாவது 9-லருந்து எண்ணினா 22-ல முடியும், மறுநாள்லருந்து எண்ணினா 23. இவர் கேக்குற ரெண்டு வாரமோ, பழைய லீவு முடிஞ்ச மறுநாள், 13-ஆம் தேதி ஆரம்பிச்சு 26-ல முடியுது. நடுவுல மூணு நாலு நாளுக்கு டாக்டர் எழுதுன காகிதமே கிடையாது. ஹெச்ஆர்ல உக்காந்திருக்கிறவர் சான்றிதழையும் லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் பாப்பார். 22 வரைக்கும் ஒத்துக்கிட்டு மீதியைச் சம்பளம் இல்லாத லீவுல தள்ளலாம், இல்ல மொத்தத்தையும் திருப்பி அனுப்பலாம். உடம்பு முடியாம படுத்திருக்கிறப்ப இந்த அலைச்சல் தேவையா?

அதனால லெட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது, டாக்டர்கிட்ட தனியா ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்குறது. அதுல "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஓய்வு"ன்னு ரெண்டு தேதியும், சான்றிதழ் கொடுத்த தேதியும், கையெழுத்தும், பதிவு எண்ணும் இருக்கணும். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் தையலைப் பாக்க ஒரு தடவை கூப்பிடுவாங்கல்ல, அன்னிக்கே கேளுங்க. டாக்டர், "23 வரைக்கும் போதும்பா"ன்னு சொன்னா, 23 வரைக்கும்தான் கேக்கணும். சான்றிதழ்ல தேதியை நீங்களே திருத்துற வேலை வேண்டவே வேண்டாம். வேலையே போகக்கூடிய விஷயம் அது.

அப்புறம் இந்த 14 நாள். இதுல விழாத ஆளே கிடையாது! 13-ஓட 14-ஐக் கூட்டி "13 முதல் 27 வரை"ன்னு எழுதிடுறாங்க. விரல் விட்டு எண்ணுங்க: 13-ஏ முதல் நாள். அப்ப 14-ஆவது நாள் 26. 27-ன்னு எழுதினா 15 நாள் ஆயிடும். கடிதத்துல "14 நாட்கள்"னும் இருக்கும், "27 வரை"ன்னும் இருக்கும், எதை நம்புறது? அதனால நாலு விஷயமும் ஒண்ணா வரணும்: ஆரம்ப நாள், கடைசி நாள், மொத்தம் எத்தனை நாள், திரும்பி வேலைக்கு வர்ற நாள். திரும்புற நாளைத் தனியா எழுதுறப்பதான் தப்பு கண்ணுல படும். அது வார விடுமுறையில விழுந்தா அடுத்த வேலை நாளைப் போடுங்க.

இப்ப லெட்டரைப் படிக்கிறேன், ஸ்கிரீன்லயும் ஓடும். மறுபரிசோதனை 11-ஆம் தேதி நடந்து, டாக்டர் 26 வரைக்கும் ஓய்வு எழுதிக் கொடுத்துட்டார்னு வெச்சுக்கோங்க.

"பொருள்: மருத்துவ விடுப்பு நீட்டிப்பு, மார்ச் 13 முதல் 26 வரை.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

மார்ச் 3 முதல் 12 வரை மருத்துவ விடுப்பில் உள்ளேன். மார்ச் 3 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் 9 அன்று வீடு திரும்பினேன். மார்ச் 11 அன்று பரிசோதித்த மருத்துவர், 26 வரை ஓய்வெடுக்குமாறு அறிவுறுத்தியுள்ளார். சான்றிதழை இணைத்துள்ளேன். எனவே மார்ச் 13 முதல் 26 வரை, இரு நாட்களும் உட்பட 14 நாட்களுக்கு விடுப்பை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மார்ச் 27 அன்று பணிக்குத் திரும்புவேன். 25 அன்று மீண்டும் பரிசோதனை உள்ளது. இதில் மாற்றம் இருந்தால் அன்றே தெரிவிப்பேன். மருத்துவ விடுப்பு இருப்பு போதவில்லை எனில், மீதி நாட்களை ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளலாம். நிலுவையில் உள்ள பணிகளின் பட்டியலையும் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். என்ன ஆபரேஷன்னு இதுல இல்ல, கவனிச்சீங்களா? வேணும்னேதான் விட்டேன். மேனேஜர் முடிவெடுக்க அது தேவைப்படாது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் அவருக்கு இணைக்காதீங்க. அதுல பழைய நோய், சாப்பிடுற மாத்திரை, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாமே இருக்கும். உங்க கம்பெனி விதிப்படி கண்டிப்பா கேட்டா, நேரா ஹெச்ஆருக்கு மட்டும் அனுப்புங்க.

அந்த வேலைப் பட்டியலும் நாலு வரிக்கு மேல வேண்டாம். எந்த வேலை எது வரைக்கும் முடிஞ்சிருக்கு, ஃபைல் எங்க இருக்கு, இந்த 14 நாளுக்குள்ள கெடு எதுக்கு வருது, இது போதும். "எப்ப வேணும்னாலும் ஃபோன் பண்ணுங்க"ன்னு எழுதுறது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. ஓய்வுன்னு சான்றிதழ் கொடுத்துட்டு, தினமும் மீட்டிங்ல உக்காருவீங்களா?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், எப்ப அனுப்பணும்னு சொல்லவே இல்லல்ல. பழைய லீவு 12-ல முடியுது. சான்றிதழ் கைக்கு வந்த 11-ஆம் தேதியே அனுப்பிடுங்க. 13-ஆம் தேதி காலையில அனுப்பினா, அது ஏற்கனவே சொல்லாம போட்ட லீவு மாதிரி பதிவாக வாய்ப்பிருக்கு. சான்றிதழ் வர லேட்டாகுதுன்னா லெட்டரை முன்னாடி அனுப்பி, "சான்றிதழை இந்தத் தேதிக்குள் அனுப்புகிறேன்"னு ஒரு வரி சேருங்க. கம்பெனியில லீவு போட ஆன்லைன் சிஸ்டம் இருந்தா அதுலயும் அதே தேதிகளைப் போட்டுடுங்க. மேனேஜர் மெயில்ல "சரி, உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிடுவார், ஆனா சம்பளம் போடுறவங்க சிஸ்டத்தைத்தான் பாப்பாங்க.

25-ஆம் தேதி டாக்டரைப் பாக்கப் போறப்ப, வேலைக்குத் திரும்பலாம்னு ஒரு தகுதிச் சான்றிதழையும் கேட்டு வாங்கிடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் அது இல்லாம உள்ளே விடாத இடங்கள் இருக்கு, 27 காலையில வாசல்ல நின்னுக்கிட்டு டாக்டருக்கு ஃபோன் போட வேண்டாம். கனமான பொருள் தூக்கக்கூடாது மாதிரி ஏதாவது கட்டுப்பாடு இருந்தா அதையும் அதுலயே எழுதித் தரச் சொல்லுங்க. லெட்டர் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, காப்பி பண்றவங்க என் மார்ச் தேதியை மாத்திட்டு அனுப்புங்க சாமி!